ஊர்காவற்றுறையில் ஒரு மாணவன் பேசுகிறான்: 1931

(சங்கத்தின் இளைஞர், மகளிர் கல்வி முகாம் இம்முறை ஊர்காவற்றுறையில் நடந்தது. அங்கே, பாத்திரமேற்று நடிக்கும் பயிற்சிக்கு முன்னர் ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை.)



நான் நெடுந்தீவுக்காரன். ஆனால் உழைத்த காலத்தில் பாதி மலைநாட்டில் போனது. ஹட்டன் பக்கத்துத் தோட்டப் பாடசாலைகளில் சரித்திரம் படிப்பித்தேன். அதனால் உங்களோடு கதைக்கும்போது சொந்தக்காரரோடு கதைப்பதுபோல இருக்கிறது. நீங்கள் விடிய விடிய பஸ்ஸில் இருந்து வந்த களைப்பு தெரிகிறது. நாளைக்குக் குறிகட்டுவானில் வள்ளம் ஏறி நயினாதீவுக்குப் போகப் போகிறீர்கள். அதற்குமுன் பின்னேரம் உங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது.

முகாம் நடத்துகிறவர்கள் தந்த பயிற்சி இதுதான்: "சுதந்திரப் போராட்ட காலத்தில் ஒரு பொதுக்கூட்டம். அதில் ஒரு மாணவர் தலைவர் பேசுகிறார். அந்தப் பேச்சை நீங்கள் எழுதிப் பேச வேண்டும்." நேற்று இரவு சில பிள்ளைகள் எழுதியதை வாசித்துப் பார்த்தேன். எல்லோரும் காந்தியைப் பற்றியும் வெள்ளைக்காரனைப் பற்றியும் எழுதியிருந்தார்கள். பிழையில்லை. ஆனால் நாம் நிற்கிற இந்த மண்ணிலேயே அப்படி ஒரு காரியம் நடந்திருக்கிறது. ஊர்காவற்றுறை என்ற பெயரில் இருந்த தொகுதி, மூன்று வருஷம் அரசாங்க சபைக்கு ஆளே அனுப்பாமல் இருந்தது. அப்படி அனுப்பாமல் இருக்கச் சொன்னவர்களில் முன்னுக்கு நின்றவர்கள் மாணவர்களாகத் தொடங்கிய இளைஞர்கள். அந்தக் கதையை எடுத்துக்கொள்வோம்.

1924ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் மாணவர் காங்கிரஸ் என்று ஒன்று தொடங்கினார்கள். பிறகு அது வாலிபர் காங்கிரஸ் என்று பெயர் மாறியது. அதன் முன்னணியில் நின்றவர் ஹண்டி பேரின்பநாயகம். பேருக்குத்தான் மாணவர் சங்கம். அவர்கள் கேட்டது பெரிய விஷயம்: இலங்கைக்கு முழுச் சுயராஜ்யம். சாதி பார்த்துத் தள்ளி வைப்பது கூடாது என்றார்கள். சிங்களவர், தமிழர் என்று பிரிந்து நிற்பதும் கூடாது என்றார்கள். 1927 நவம்பரில் காந்தி யாழ்ப்பாணம் வந்ததும் அவர்கள் அழைத்துத்தான்.

அடுத்த வருஷம் டொனமூர் ஆணைக்குழுவின் அறிக்கை வெளிவந்தது. அதன்படி 1931இல் புதிய அரசாங்க சபை. அதுவரை நூற்றுக்கு நாலு பேருக்குத்தான் வாக்கு இருந்தது. இனி இருபத்தொரு வயதான ஆணுக்கும் பெண்ணுக்கும் வாக்கு. தொகுதிவாரியாக ஐம்பது பேரைத் தெரிவு செய்யலாம். கேட்க நல்லாகத்தான் இருக்கிறது. ஆனால் நிதி, சட்டம், பாதுகாப்பு, வெளிவிவகாரம் எல்லாம் மூன்று வெள்ளைக்கார உத்தியோகத்தர்களின் கையில். தேசாதிபதி நினைத்தால் சபை நிறைவேற்றியதைத் தடுக்கலாம், சபை மறுத்ததைச் சட்டமாக்கலாம். வாலிபர் காங்கிரஸ் சொன்னது: இது சுயராஜ்யம் இல்லை, இந்தச் சபைக்கு ஆள் அனுப்பக் கூடாது. பகிஷ்கரிப்போம்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. அதைப் பிடித்தால்தான் உங்கள் பேச்சு பேச்சாகும். தேர்தலைப் பகிஷ்கரிப்பது என்றால் வாக்குப் போடப் போகாமல் வீட்டில் இருப்பது என்று நினைப்போம். அது வேலை செய்யாது. ஆயிரம் பேர் வீட்டில் இருந்தாலும், பத்துப் பேர் போட்ட வாக்கில் ஒருவர் வென்று போவார். அதைவிட மோசமான ஒன்றும் உண்டு. வேட்புமனுக் கொடுக்கிற நாளில் ஒரே ஒரு ஆள் மனுக் கொடுத்தால், அவர் போட்டியில்லாமல் தெரிவாகிவிடுவார். வாக்கெடுப்பே நடக்காது. ஆகவே பகிஷ்கரிப்பு வெல்லவேண்டிய நாள் தேர்தல் நாள் அல்ல, வேட்புமனு நாள். 1931 மே 4ஆந் திகதி. அந்த ஒரு நாளில், தொகுதி முழுவதிலும் ஒரு ஆள்கூட மனுக் கொடுக்கக் கூடாது. நூறு பேர் சம்மதித்து ஒருவர் மறுத்தால் நூறு பேரும் தோற்றார்கள்.

அப்படியென்றால் அந்த மாணவன் யாரைப் பார்த்துப் பேசவேண்டும்? கூட்டத்தின் பின்வரிசையில் நிற்கிற கடற்றொழிலாளியைப் பார்த்தா? இல்லை. முன்வரிசையில் கதிரை போட்டு உட்கார்ந்திருக்கிற நாலைந்து பெரியவர்களைப் பார்த்து. தேர்தலுக்கு நிற்கக்கூடியவர்கள் அவர்கள்தான். அவர்களை முன்மொழியக் கையெழுத்து வைக்கக்கூடியவர்களும் அங்கேதான் இருப்பார்கள். ஆனால் பின்வரிசை இல்லாமல் முன்வரிசை அசையாது. ஊர் பார்த்துக்கொண்டிருக்கிறது என்ற கூச்சம்தான் அந்தப் பெரியவரை வீட்டில் இருத்தும். ஆகவே கண் முன்வரிசையில், குரல் பின்வரிசைக்கு. நடிக்கிற பிள்ளைகள் இதை மறக்க வேண்டாம்.

இப்போது அந்தப் பேச்சை நான் ஒருதரம் செய்து காட்டுகிறேன். இது எந்தப் புத்தகத்திலும் இருந்து எடுத்ததல்ல, யாரும் உண்மையில் பேசியதும் அல்ல. பயிற்சிக்காக நானே எழுதியது. மாணவனுக்குப் பெயர் வைக்கவில்லை. ஏப்ரல் மாதம், பின்னேரம், ஊர்காவற்றுறைத் துறைமுகத் தெரு. வேட்புமனுவுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். அவன் கதர்ச் சட்டை போட்டிருக்கிறான். ஒரு பெட்டியின் மேல் ஏறி நிற்கிறான்.

"பெரியோர்களே, தாய்மார்களே, சகோதரர்களே.

நான் உங்கள் பிள்ளை. உங்கள் புகையிலை விற்ற காசில் படித்தவன். படித்த பிள்ளை உத்தியோகத்துக்குப் போகாமல் ஏன் பெட்டியில் ஏறி நிற்கிறான் என்று என் ஐயாவே கேட்கிறார். அவருக்கும் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

ஒரு வீடு கட்டித் தருகிறோம் என்கிறார்கள். திண்ணை பெரிது. எல்லோரும் உட்காரலாம், எல்லோரும் பேசலாம். முன்பு திண்ணையில் நாலு பேர்தான் இருந்தார்கள், இனி ஊரே இருக்கலாம். நல்லது. ஆனால் அறைச் சாவி யாரிடம்? பணப்பெட்டிச் சாவி யாரிடம்? வீட்டு வாசலைப் பூட்டுகிறவன் யார்? மூன்று சாவியும் துரையின் இடுப்பில். திண்ணையில் நாம் ஒன்று தீர்மானித்தால் உள்ளே இருந்து தேசாதிபதி 'முடியாது' என்பார். அதோடு முடிந்தது.

இந்தத் துறையில் நின்று பாருங்கள். எதிரே கடலுக்கு நடுவில் கோட்டை. போர்த்துக்கேயன் போனான், ஒல்லாந்தன் வந்தான். ஒல்லாந்தன் போனான், இங்கிலீஷ்காரன் வந்தான். ஒவ்வொருவனும் வரும்போது நம்மில் சிலபேரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தான். உட்கார்ந்தவர்களுக்கு மரியாதை கிடைத்தது. கோட்டை அவனிடமே இருந்தது.

முன்னால் இருக்கிற ஐயாமாரே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். சபைக்குப் போகக்கூடிய தகுதி உங்களுக்கு உண்டு. அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். தகுதி இல்லாதவன் போகாமல் இருப்பது தியாகம் அல்ல. மே நாலாந் திகதி கச்சேரிப் பக்கம் போகாதீர்கள். யாராவது உங்களிடம் கையெழுத்துக் கேட்டு வந்தால் பேனாவை எடுக்காதீர்கள். நம்மில் ஒருவர் போனாலும் 'ஊர்காவற்றுறை சம்மதித்துவிட்டது' என்று லண்டனில் எழுதிக்கொள்வார்கள். ஒருவரும் போகாவிட்டால் அந்த ஆசனம் வெறுமையாக இருக்கும். அந்த வெறுமை ஒவ்வொரு நாளும் பேசும்.

பின்னால் நிற்கிற சகோதரர்களே, உங்களுக்கு முதல்தரம் வாக்கு வந்திருக்கிறது. அதை நான் பறிக்க வரவில்லை. எங்கள் காங்கிரஸ் பள்ளிக்கூடத்தில் உங்கள் பிள்ளையும் வாங்கில் சமமாக இருக்க வேண்டும் என்று சொன்னது. அதற்காக வசை கேட்டவர்கள் நாங்கள். உங்கள் வாக்கு முழு வாக்காக வரவேண்டும், அரை வாக்காக அல்ல என்றுதான் சொல்கிறோம்.

மே நாலு. ஒரு மனுவும் வேண்டாம். ஒரு கையெழுத்தும் வேண்டாம்."

இவ்வளவுதான். ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அவன் கேட்டது ஒரே ஒரு காரியம், அதற்கு ஒரு திகதி, அதற்கு ஒரு காரணம். கூட்டத்தில் இருந்து வீட்டுக்குப் போகிறவன் தான் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்று தெரிந்துகொண்டு போவான். நேற்று நான் வாசித்த பேச்சுகளில் 'விழித்தெழுவோம்' என்று இருந்தது. விழித்தெழுந்து எங்கே போவது என்று இருக்கவில்லை.

ஆனால் பிள்ளைகளே, பேச்சு முடிந்ததும் நடிப்பு முடிந்துவிடாது. இனித்தான் கஷ்டம். கூட்டத்தில் இருந்து மூன்று பேர் எழும்பிக் கேள்வி கேட்கவேண்டும். அந்தப் பாத்திரங்களைக் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். மாணவனாக நடிக்கிறவரைவிடக் கெட்டிக்காரராக இருந்தால் நல்லது.

முதலாவது ஒரு பெண். அவள் கேட்பாள்: "தம்பி, என் அம்மாவுக்கு வாக்கு இல்லை, எனக்கும் இருக்கவில்லை. இப்போதுதான் வந்தது. இதை முதல் நாளே திருப்பிக் கொடுக்கச் சொல்கிறாய். திண்ணை கிடைத்தவனுக்குத்தான் அறை கேட்க வழி தெரியும். நாங்கள் தெருவில் நின்றவர்கள்." இதற்கு மாணவனிடம் இலேசான பதில் இல்லை. 'முழு வாக்கு வரட்டும்' என்று அவன் சொல்லலாம். எப்போது வரும் என்று அவள் திருப்பிக் கேட்பாள்.

இரண்டாவது ஒரு சுருட்டுக்கடைக்காரர். தீவுப்பகுதி ஆட்கள் தெற்கிலும் மலைநாட்டிலும் கடை வைத்திருந்தது உங்களுக்குத் தெரியும். உங்கள் டவுனிலும் இருந்திருக்கும். அவர் கேட்பார்: "நான் கொழும்பிலிருந்து வருகிறேன். அங்கே ஒருவரும் பகிஷ்கரிக்கிறதாகத் தெரியவில்லை. எல்லோரும் மனுக் கொடுக்க ஆயத்தம். அவர்கள் சபைக்குள் போய், நாங்கள் வெளியே நின்றால், எங்கள் பங்கு யாருக்குப் போகும்?"

மூன்றாவது ஒரு பெரியவர், முன்வரிசையில் இருப்பவர். அவர் எழும்பி, "நானும் பகிஷ்கரிப்புக்கு ஆதரவு" என்பார். கூட்டம் கைதட்டும். மாணவன் சந்தோஷப்படுவான். பிறகு அந்தப் பெரியவர் தன் காரணத்தைச் சொல்லுவார்: "முன்பு தமிழருக்கென்று தனி ஆசனங்கள் இருந்தன. இந்த டொனமூர்க்காரன் அதை எடுத்துவிட்டான். அதனால்தான் நான் போகவில்லை." இப்போது மாணவன் என்ன செய்ய வேண்டும்? அவன் இனவாரிப் பிரதிநிதித்துவமே கூடாது என்று சொல்லும் இயக்கத்தைச் சேர்ந்தவன். பெரியவருக்கு அதுதான் வேண்டும். இருவரும் ஒரே நாளில் ஒரே காரியத்தைச் செய்யப் போகிறார்கள், ஆனால் நேரெதிர்க் காரணத்துக்காக. அவரை ஏற்றுக்கொண்டால் கூட்டம் பெரிதாகும். மறுத்தால் அவர் கோபித்துக்கொண்டு மனுக் கொடுத்துவிடுவார். இந்த இடத்தில் மாணவனாக நடிக்கிறவர் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாலும் பரவாயில்லை. உண்மையில் நின்றிருப்பான்.

சரி, உண்மையில் என்ன நடந்தது?

மே 4 வந்தது. யாழ்ப்பாணம், ஊர்காவற்றுறை, காங்கேசன்துறை, பருத்தித்துறை என்ற நாலு தொகுதியிலும் ஒருவர்கூட மனுக் கொடுக்கவில்லை. ஒரு ஆள்கூட இல்லை. நான் முன்பு சொன்ன கஷ்டத்தை நினைத்துப் பாருங்கள். அது சின்னச் சாதனை அல்ல. தெற்கில் சிலர் வெளிப்படையாகப் பாராட்டினார்கள். ஆனால் பின்னால் வரவில்லை. அங்கே தேர்தல் நடந்தது. ஐம்பது ஆசனத்தில் நாற்பத்தாறு நிரம்பியது. நாலு வெறுமையாக இருந்தது. சபை கூடியது, குழுக்கள் அமைந்தன, மந்திரிமார் வந்தார்கள், வரவு செலவு போட்டார்கள். வெறும் ஆசனம் பேசும் என்று நம் மாணவன் சொன்னான். முதல் சில நாள் பேசியது. பிறகு ஆட்கள் அதைப் பார்க்காமலே பழகிவிட்டார்கள்.

அதே காலத்தில் உங்கள் பக்கம் என்ன நடந்தது என்றும் சொல்லவேண்டும். அது பாடப் புத்தகத்தில் இந்தக் கதைக்குப் பக்கத்தில் வராது. தோட்டத் தொழிலாளருக்கு அந்த வாக்கு எல்லோருக்கும் கிடைத்ததுபோலக் கிடைக்கவில்லை. இலங்கைதான் நிரந்தர ஊர் என்று காட்ட வேண்டும், அல்லது சொத்தும் எழுத்தறிவும் வேண்டும், அல்லது நிரந்தரக் குடியிருப்புச் சான்றிதழ் எடுக்க வேண்டும். இத்தனை கதவு தாண்டித்தான் உங்கள் பாட்டன் பாட்டிமார் இடாப்பில் பெயர் பதிந்தார்கள். அந்தத் தேர்தலில் ஹட்டனில் பெரி சுந்தரம் தெரிவானார். தலவாக்கலையில் எஸ்.பி. வைத்திலிங்கம் தெரிவானார். பெரி சுந்தரம் தொழில் மந்திரியும் ஆனார். அதே 1931இல்தான் நடேசய்யர் ஹட்டனில் தோட்டத் தொழிலாளருக்கென்று சம்மேளனம் அமைத்தார்.

ஒரே வருஷம். இங்கே ஒரு பகுதி 'அரை வாக்கு வேண்டாம்' என்றது. அங்கே ஒரு பகுதி அரை வாக்கைக் கூடக் கஷ்டப்பட்டு எடுத்தது. இங்கே இருந்தவர்களுக்கு வாக்கைத் தள்ளி வைக்க முடிந்தது, ஏனென்றால் அது தங்களை விட்டுப் போகாது என்று அவர்களுக்குத் தெரியும். உங்கள் ஆட்களுக்கு அந்த நிச்சயம் இருக்கவில்லை. அந்தப் பயம் வீண் பயமும் இல்லை. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது, அதன் பின்னால் வாக்கும் போனது. 1952 தேர்தலில் தோட்டத் தொழிலாளரின் பிரதிநிதி ஒருவர்கூடப் பாராளுமன்றத்தில் இல்லை. அதுவும் வெறும் ஆசனம்தான். ஆனால் தாங்களாக எழும்பி விட்ட ஆசனம் அல்ல, எழுப்பிவிடப்பட்ட ஆசனம்.

திரும்ப 1931க்கு வருவோம். பகிஷ்கரிப்பு எப்படி முடிந்தது? சுயராஜ்யம் வந்து முடியவில்லை. ஆட்களுக்கு அலுத்து முடிந்தது. ஆசனம் வெறுமையாக இருக்கிறதே, இடைத்தேர்தல் வையுங்கள் என்று யாழ்ப்பாணத்திலேயே கேட்கத் தொடங்கினார்கள். 1934இல் இடைத்தேர்தல் நடந்தது. ஊர்காவற்றுறைக்கு நெவின்ஸ் செல்வதுரை போனார். பருத்தித்துறைக்கு ஜி.ஜி. பொன்னம்பலம் போனார். பிறகு ஐம்பதுக்கு ஐம்பது என்று இனவாரிப் பங்கு கேட்டவர் அவர்தான். 1936இல் தனிச் சிங்கள மந்திரிசபை அமைந்தது. நான் சொன்ன மூன்றாவது ஆள், அந்த முன்வரிசைப் பெரியவர், அவருடைய காரணம்தான் கடைசியில் மிஞ்சியது. மாணவனுடைய காரணம் கொஞ்சம் கொஞ்சமாக மறைந்தது. வாலிபர் காங்கிரஸும் அந்தப் பத்தாண்டோடு மங்கிப் போனது.

அந்த மாணவன் பிழை செய்தானா? பின்னால் வந்ததையெல்லாம் அவன் தலையில் போடுவது நியாயமில்லை. சுயராஜ்யம் கேட்டது சரி. ஆனால் அவன் பேச்சில் ஒன்று இல்லை. நான் எழுதும்போதே வேண்டுமென்று விட்ட இடம் அது. யாராவது கவனித்தீர்களா? மே 4 என்று சொன்னான். மே 5 என்ன செய்வோம் என்று சொல்லவில்லை. தெற்கு வராவிட்டால் என்ன செய்வோம் என்று சொல்லவில்லை. என்ன கிடைத்தால் திரும்பச் சபைக்குப் போவோம், எவ்வளவு காலம் வெளியில் நிற்போம், அதை யார் தீர்மானிப்பது? ஒன்றும் இல்லை.

இது உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வேலைநிறுத்தம் தொடங்கத் தெரிந்த தலைவர் ஆயிரம் பேர் இருப்பார்கள். பிரட்டுக்களத்தில் நின்று "கொழுந்துக் கூடையை இறக்கு" என்று சொல்லலாம். பக்கத்துத் தோட்டம் இறக்கவில்லை என்றால் என்ன, பத்தாம் நாள் அரிசி முடிந்தால் என்ன, எந்த இடத்தில் கை கொடுத்துத் திரும்ப மலைக்கு ஏறலாம் என்று முதல் நாளே கமிட்டியில் பேசி வைத்தவர்தான் ஆட்களைச் சேதமில்லாமல் கூட்டி வருவார். அதைப் பேசாமல் தொடங்கிய நிறுத்தம் எப்படி முடியும் என்று இங்கே இருக்கிற தாய்மார் என்னைவிட நன்றாகச் சொல்லுவார்கள்.

ஆகவே பின்னேரத்துக்கு என் வேண்டுகோள் இது. பேச்சை நீங்கள் திரும்ப எழுதுங்கள். நான் விட்ட இடத்தை நிரப்புங்கள். 'மே நாலு, ஒரு மனுவும் வேண்டாம்' என்ற பிறகு இன்னும் நாலு வசனம் சேருங்கள். அந்தப் பெண்ணுக்கு ஒரு பதில், சுருட்டுக்கடைக்காரருக்கு ஒரு பதில், பெரியவருக்கு ஒரு பதில், மே 5க்கு ஒரு வசனம். அதைச் சேர்த்த பிறகும் கூட்டம் கைதட்டுமா என்று பாருங்கள். ஒருவேளை கைதட்டல் குறையலாம். குறைந்தால் ஏன் குறைந்தது என்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு இருந்து கதைப்போம்.

மாணவனாக நடிக்க ஒரு பெண்பிள்ளையை நிறுத்துங்கள். பெட்டி ஒன்று வேணும். மீன் பெட்டி என்றால் கழுவிப்போட்டு ஏறுங்கள்.